அப்புச்சியின் காதுக்கு எட்டும்படி

பிறந்தநாளன்று வெளிநாட்டிலிருந்து பேத்தி வீடியோ காலில் கூப்பிடுகிறாள். தாத்தா போனை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார். பாதி நெற்றியும் மேலே ஓடும் மின்விசிறியும்தான் அவளுக்குத் தெரிகின்றன. இவள் பேசி முடிப்பதற்குள் அவர் பேசுகிறார், அவர் பேசும்போது இவள் குறுக்கிடுகிறாள். "நல்லா இருக்கறயா கண்ணு? சாப்புட்டயா? சரி, இந்தா மாமங்கிட்டப் பேசு." ஒரு நிமிடத்தில் போன் கைமாறிவிடுகிறது. பாசம் குறைந்ததால் இப்படி ஆவதில்லை. அவருக்குப் பாதி கேட்கவில்லை. கேட்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லக் கூச்சம்.

பேசிப் பதிந்து அனுப்பும் ஒரு சிறு வீடியோ இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். அதை நிறுத்தலாம், பின்னால் தள்ளலாம், சத்தம் கூட்டிக் கேட்கலாம், மதியம் சாப்பிட்டுப் படுத்தபின் தனியாகப் போட்டுப் பார்க்கலாம். 1970, 80களில் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்கள் இதையேதான் ஒலிநாடாவில் செய்தார்கள். பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வரும் நண்பர் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் பேசும்போது எதிரில் ஆள் இருப்பதுபோலவே பேசினார்கள். இன்று நாம் அனுப்பும் வீடியோக்களில் அதுதான் குறைகிறது. நாம் கேமராவைப் பார்த்துப் பேசுகிறோம், தாத்தாவைப் பார்த்துப் பேசுவதில்லை.

எப்படி எழுதுவது, எப்படிப் பேசுவது என்று பார்ப்பதற்கு முன், கேட்கப்போகும் காதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

உட்செவியில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. அதனுள் வரிசையாக நிற்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள்தான் ஒலியைப் பிடித்து நரம்புக்குக் கொடுப்பவை. குழாயின் வாசல் பக்கம் இருப்பவை கீச்சொலிகளையும், உள்ளே தள்ளி இருப்பவை கனத்த ஒலிகளையும் பிடிக்கின்றன. வயதாகும்போது பெரும்பாலும் வாசல் பக்கத்துச் செல்கள்தான் முதலில் தேய்கின்றன. தேய்ந்தவை மறுபடி முளைப்பதில்லை.

பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, பலமானவை. ச, த, ட போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் மெல்லியவை. கீச்சொலிப் பக்கம் இருப்பவை. ஆகவே வயதானவருக்குப் பேச்சின் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. காசு, காது, காடு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோல விழும். "கேக்குது, ஆனா என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்று அவர் சொன்னால், அது கவனக்குறைவு அன்று. அவர் காதின் நிலையை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

கத்திப் பேசுவதால் இது சரியாவதில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருக்கிறது. மெய் அதே இடத்தில் நிற்கிறது. போனின் சிறிய ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தால் குரல் பிசிறடித்து இன்னும் கெடும். பெண்கள், குழந்தைகள் பேச்சைப் பிடிப்பது கூடுதல் சிரமம் என்று பல தாத்தாக்கள் சொல்கிறார்கள். வாழ்த்து அனுப்புவது பேத்தியும் அவள் குழந்தையும் என்றால் இதை மனதில் வைத்தே ஆக வேண்டும்.

உதவுபவை மூன்று. வேகத்தைக் குறைப்பது, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு விடுவது, பின்னணியில் வேறெந்தச் சத்தமும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. இதோடு உதடு தெரிய வேண்டும். கேள்வித்திறன் குறைந்தவர்கள் தங்களை அறியாமலே உதட்டைப் படிக்கிறார்கள். ப, ம, வ போன்றவை உதட்டில் தெளிவாகத் தெரியும். காது தவறவிட்டதில் ஒரு பகுதியைக் கண் பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். 82 வயது முடியும் அப்புச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தா. வாழ்நாளெல்லாம் மஞ்சளும் தக்காளியும் வெள்ளாமை செய்தவர். இப்போது காடு மாமன் பொறுப்பில். பேத்தி கனடாவில் டொராண்டோவில், கணவனோடும் நாலு வயதுப் பையனோடும் இருக்கிறாள். வைகாசியில் பிறந்தநாள்.

முதலில் தேதி. அந்த வயதுக்காரர்கள் பலருக்குச் சான்றிதழில் இருப்பது பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதி. வீட்டில் கொண்டாடுவது நட்சத்திரத்தை வைத்து. அது வருடாவருடம் வேறு தேதியில் வரும். ஆதார் அட்டையைப் பார்த்து வாழ்த்து அனுப்பி, "எனக்கு இன்னும் பத்து நாள் இருக்குதே கண்ணு" என்று பதில் வாங்குவதைவிட, மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பேத்தி உட்கார்ந்து எழுதுகிறாள். முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அன்புள்ள அப்புச்சி, உங்களுக்கு என் இதயம் கனிந்த பிறந்தநாள் நல்வாழ்த்துகள். நீங்கள் எங்கள் குடும்பத்தின் ஆணிவேர். இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த ஆரோக்கியத்தையும் தர வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். உங்களை ரொம்ப மிஸ் பண்றேன். லவ் யூ அப்புச்சி."

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் இதை எந்தப் பேத்தியும் எந்தத் தாத்தாவுக்கும் அனுப்பலாம். அவருக்கு மட்டுமே உரியது என்று ஒரு சொல்லும் இதில் இல்லை. 'இதயம் கனிந்த', 'பிரார்த்திக்கிறேன்' எல்லாம் மேடையிலும் அழைப்பிதழிலும் வரும் சொற்கள். அவள் அவரிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை என்பதால், அவர் காது எதிர்பார்த்துப் பிடிக்க எதுவும் இல்லை. பாதி கேட்கும் காதுக்கு அது முக்கியம். பழகிய ஆள் பழகிய மாதிரி பேசினால், விட்டுப்போன சொல்லை மனம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வீடுகளில் சிறியவர்கள் பெரியவர்களுக்கு ஆயுளை வாழ்த்துவதில்லை. காலில் விழுந்து ஆசி வாங்குவார்கள். பிறந்தநாள் அவருடையதானாலும் அன்றைக்குக் கொடுப்பவர் அவர்தான். எண்பது தாண்டியவருக்கு, வீட்டில் எல்லோரும் தனக்குச் செய்கிறார்கள், தன்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற குறை சொல்லாமலே இருக்கும். வாழ்த்து அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

என்ன கேட்பது? அவருக்குத் தெரிந்த, இவளுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றை. டொராண்டோவில் மே கடைசியில்தான் உறைபனி பயம் தீர்ந்து தக்காளி நாற்றை வெளியே நடுவார்கள். பேத்தி வீட்டுக்குப் பின்னால் நாலு செடி நட்டிருக்கிறாள். வெயில் தாழ்ந்து சாயங்காலம்தான் நாற்று நட வேண்டும், அப்போதுதான் இரவுக் குளிர்ச்சியில் வேர் பிடிக்கும், மறுநாள் வாடாது என்று அவள் சின்ன வயதில் காட்டில் அவர் சொன்னது நினைவில் இருக்கிறது. எழுத வேண்டியது அவ்வளவுதான். மறுபடி எழுதியது இது:

"அப்புச்சி, நான் பாப்பா பேசறேனுங்க.

இன்னைக்கு உங்களுக்குப் பொறந்தநாள். எண்பத்திரண்டு வயசு ஆச்சு.

நாங்க மூணு பேரும் நல்லா இருக்கறோம். இங்க குளிர் போயிருச்சு.

வீட்டுக்குப் பின்னால தக்காளி நாத்து நட்டிருக்கேன். நாலு செடி.

நீங்க சொன்ன மாதிரி, வெயில் தாழ்ந்து, சாயங்காலம் நட்டேன். ஒண்ணுகூட வாடலை.

அப்புச்சி, உங்களை ஒண்ணு கேக்கணும். செடிக்குக் குச்சி எப்ப ஊனணும்? பூ விடறதுக்கு முன்னாடியா, விட்ட பொறகா?

யோசிச்சு வையுங்க. ஞாயித்துக்கிழமை காலையில கூப்படறேன்.

இங்கிருந்தே உங்க கால்ல விழறோம். ஆசீர்வாதம் பண்ணுங்க, அப்புச்சி."

மொத்தம் 60 சொற்கள் போல. நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒன்றேகால் நிமிடம் வரும். அதற்குமேல் நீட்ட வேண்டாம். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், பிடிபடாத சொற்களைத் துரத்திக் களைத்துப்போய் அவர் சும்மா முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்ப்போம். முதல் வரியில் யார் பேசுவது என்று சொல்லிவிட வேண்டும், அதுவும் வீட்டில் கூப்பிடும் பெயரால். கண்புரை உள்ள கண்ணுக்குச் சின்னத் திரையில் பேத்திகள் எல்லோரும் ஒரே மாதிரி தெரியலாம். அடுத்து, எல்லோரும் நலம் என்ற செய்தி. ஊரில் உள்ள பெரியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அது தெரிந்தபின்தான் மற்றதில் மனம் போகும். வாக்கியங்கள் எல்லாம் ஏழு சொற்களுக்குள் நிற்கின்றன. 'நாலு செடி' என்பது தனி வாக்கியம். முந்தைய வரியில் தக்காளி என்பதைத் தவறவிட்டிருந்தாலும், செடி, நாற்று, நட்டேன், வாடலை என்று சுற்றியுள்ள சொற்கள் விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரே பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இதற்காகத்தான். வேலை மாற்றம், புது வீடு, பையன் பள்ளிக்கூடம், ஊருக்கு வரும் தேதி என்று ஆறு செய்தியை அடுக்கினால், ஒன்று பிடிபடாதபோது அடுத்தது அதைத் தாங்காது.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வி இதில் இல்லை. வேண்டுமென்றே விட்டது. பாசமாகக் கேட்பதுதான், ஆனால் மறதி தொடங்கிய ஒருவருக்கு அது பரீட்சை. நினைவில்லை என்றால் பிறந்தநாளும் அதுவுமாக மனம் சுருங்கும். நினைவை அவரிடம் கேட்காமல் நாமே சொல்லிவிட வேண்டும்: "நீங்க சொன்ன மாதிரி நட்டேன்." நினைவிருந்தால் மகிழ்ச்சி, இல்லையென்றாலும் தான் சொன்ன ஒன்று கனடா மண்ணில் பலித்திருக்கிறது என்பது தெரிகிறது. "ரொம்ப மிஸ் பண்றேன்" என்ற வரியையும் எடுத்தாயிற்று. ஒன்றேகால் நிமிடத்தில் அவர் கண் கலங்கினால் மீதியைக் கேட்கமாட்டார். செடி விஷயத்திலேயே அந்த அன்பு வந்துவிட்டது.

நாலு வயதுப் பையனுக்குத் தனியாக ஒரு வரி போதும். "பெரிய அப்புச்சி, நான் செடிக்குத் தண்ணி ஊத்தறேன்." அவன் தமிழ் மழலையாக இருந்தால் இருக்கட்டும், மனப்பாடம் செய்ய வைக்க வேண்டாம். அவன் குரல் அப்புச்சிக்குப் பிடிபடுவது கடினம் என்பதால், அவன் சொன்னபின் பேத்தி அதையே ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும்: "தண்ணி ஊத்தறானாமா, அப்புச்சி." கையில் சின்னப் பூவாளியோடு அவன் நின்றால், காது விட்டதைக் கண் பிடித்துக்கொள்ளும்.

பதிவு செய்யும் இடத்துக்கு வருவோம். தோட்டத்தில் செடி பக்கத்தில் நின்று பேச ஆசையாக இருக்கும். செடியைக் காட்டப் பத்து நொடி போதும், பேச்சை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வீசும் காற்று மைக்கில் மோதினால் வரும் இரைச்சல் எல்லா மெய்யெழுத்தையும் விழுங்கிவிடும். உள்ளே ஏற்ற இடம் படுக்கையறை. மெத்தை, திரை, துணி எல்லாம் எதிரொலியை உறிஞ்சும். ஓடு பதித்த சமையலறையில் ஒவ்வொரு சொல்லின் வாலும் சுவரில் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின் தலையில் விழும். நல்ல காதுள்ள நமக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, அறையின் நடுவில் ஒருமுறை கைதட்டிப் பார்ப்பது. தட்டிய சத்தம் சட்டென்று நின்றால் நல்ல அறை. சிணுங்கிக்கொண்டே ஓய்ந்தால் வேறு அறைக்குப் போங்கள்.

போன் இரண்டடி தூரத்தில் இருக்கட்டும், கை நீட்டினால் தொடும் தூரம். நாலடிக்குத் தள்ளினால் மைக்கில் நேராக விழும் குரல் ஏறக்குறைய பாதியாகிவிடும், அறையின் எதிரொலியோ குறையாது. முகம் ஜன்னலைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகி உதடு மறைந்துபோகும். கண்புரை உள்ளவருக்கு அந்தப் பின்வெளிச்சம் கூசவும் கூசும். கையால் வாயை மறைக்காமல், தலையைத் திருப்பாமல் பேச வேண்டும்.

எழுதியதைப் பார்த்து வாசிக்க வேண்டாம். வாசித்தால் வேகம் தானாகக் கூடும், கண் கீழே போகும், குரல் செய்தி வாசிப்பவர் குரலாகும். பாப்பா, நலம், நாற்று, குச்சி, ஞாயிறு, ஆசி என்று ஆறு சொற்களைப் பெரிதாக எழுதி, போன் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும். சொற்கள் கொஞ்சம் மாறி வந்தால் இன்னும் நல்லது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நான் பெரிதாக மதிப்பது. "ஆசீர்வாதம் பண்ணுங்க, அப்புச்சி" என்று சொன்னதும் பதிவை நிறுத்தக் கூடாது. கும்பிட்ட கையோடு ஐந்து நொடி கேமராவைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். பெரியவர்கள் பலர் பதிவு என்று தெரிந்தாலும் திரைக்குப் பதில் சொல்வார்கள். "நல்லா இரு கண்ணு" என்று அவர் சொல்லும்போது அவள் முகம் அங்கே இருக்க வேண்டும். அதேபோல் "குச்சி எப்ப ஊனணும்?" என்ற கேள்விக்குப் பின்னும் மூன்று நொடி. அங்கேயே அவர் பதில் சொல்லத் தொடங்கினால், ஞாயிற்றுக்கிழமை இன்னும் விளக்கமாகச் சொல்வார்.

பின்னணி இசை சேர்க்கவே கூடாது. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், வீடியோ தொகுக்கும் செயலிகள் எல்லாம் முதலில் நீட்டுவதே இசையைத்தான். நல்ல காது இசையையும் பேச்சையும் பிரித்துவிடும். தேய்ந்த காதுக்கு இரண்டும் ஒரே குழம்பாக விழும். உறவினர் பதினைந்து பேர் ஆளுக்கு எட்டு நொடி வாழ்த்துச் சொல்லி, பாட்டோடு கோத்து வரும் வீடியோக்களிலும் இதே சிக்கல். ஒரு குரலுக்குக் காது பழகவே சில நொடிகள் வேண்டும். பழகுவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. வீட்டில் மற்றவர்கள் கைதட்டுகிறார்கள், அப்புச்சி சிரித்துத் தலையாட்டுகிறார், ஒன்றும் பிடிபட்டிருக்காது. பதினைந்து பேரும் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் பதினைந்து தனி வீடியோக்களாக அனுப்பலாம். நாளுக்கு ஒன்றாகப் பார்த்துக்கொள்வார்.

அனுப்புவதிலும் கவனம் வேண்டும். இப்போதைய போன்களில் ஒரு நிமிட வீடியோ 60 முதல் 130 எம்பி வரை வரும். வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அனுப்பும் முன் மேலே தெரியும் HD என்பதைத் தொட்டால் சுருக்கம் குறையும். தரம் கெடாமல் இருக்க டாக்குமென்டாக அனுப்பச் சிலர் சொல்வார்கள். ஆனால் ஐபோனில் எடுத்ததை அப்படி அனுப்பினால், அங்கே உள்ள பழைய ஆண்ட்ராய்டு போனில் படம் ஓடாமல் போகலாம். சாதாரண வீடியோவாக அனுப்பினால் எந்தப் போனிலும் ஓடும்படி வாட்ஸ்அப்பே மாற்றிக்கொடுத்துவிடும். படம் சற்று மங்கினால் நட்டமில்லை.

அனுப்ப வேண்டியது அப்புச்சி போனுக்கு அன்று, மாமன் போனுக்கு. அப்புச்சி போன் காலை வணக்கப் படங்களால் நிரம்பி, இடமில்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். டொராண்டோ ஜூனில் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இங்கே காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின இரவு ஒன்பதரை. ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பி, மாமன் அதைப் பென் டிரைவில் ஏற்றி டிவியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். டிவி ஸ்பீக்கர் போன் ஸ்பீக்கரைவிடப் பெரியது, முகமும் பெரிதாகத் தெரியும். டிவியில் ஓட்டுவதாக இருந்தால் பேத்தி போனைப் படுக்கை வாட்டில் வைத்துப் பதிய வேண்டும். இதைப் பதிவுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் காலையில் கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, வந்தவர்கள் கிளம்பியபின் ஓட்டுவது நல்லது. மின்விசிறியையும் குக்கரையும் நிறுத்த வேண்டும். காது கருவி வைத்திருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் டிவியிலிருந்து ஆறடிக்குள் உட்காரட்டும். கூட இருப்பவர்கள், "பாப்பா என்ன சொல்றான்னா" என்று நடுவில் விளக்கம் சொல்லாமல் ஒருமுறை முழுதாகக் கேட்கவிட வேண்டும்.

புரிந்ததா என்று அவரிடம் கேட்டால் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார். மாமன் அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். ஒரு பக்கக் காதைத் திருப்பி முன்னால் சாய்ந்தால், சொல் பிடிபடவில்லை. பேச்சு முடியும் முன்பே சிரித்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தால், கேட்பதை விட்டுவிட்டு முகத்தை மட்டும் பார்க்கிறார். "நாலு செடிதானா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டால் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. முதல் இரண்டில் எது நடந்தாலும் மாமன் பேத்திக்குச் சொல்ல வேண்டும். அவள் இன்னும் மெதுவாக, இன்னும் கிட்டத்தில் உட்கார்ந்து மறுபடி ஒன்று பதிந்து அனுப்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அதாவது அங்கே சனிக்கிழமை இரவு பத்தரைக்கு, அவள் கூப்பிட வேண்டும். "வீடியோ பாத்தீங்களா? புடிச்சிருந்துதா?" என்று தொடங்க வேண்டாம். "அப்புச்சி, குச்சி எப்ப ஊனட்டும்?" என்று கேட்க வேண்டும். பேசப்போவது என்னவென்று அவருக்கு முன்பே தெரியும் என்பதால், இந்த முறை நேரடிப் பேச்சிலும் காது ஏமாற்றாது. பூ விடும் முன்பே, செடி முழங்கால் உயரம் வருவதற்குள், வேரில் படாமல் தள்ளி ஊன வேண்டும், சணலைத் தண்டோடு இறுக்காமல் எட்டுப்போலச் சுற்றிக் கட்ட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். போனை மாமனிடம் கொடுக்க அன்றைக்கு நேரமாகும்.